பண்டிகை மடல்கள் மூன்று

பெறுபவர்: பயின்னௌங் உளுந்துக் கடை அண்ணன்
பொருள்: வருடப் பிறப்பு வாழ்த்து, அண்ணா

அண்ணா, வணக்கம்.

நம் சித்திரை ஒன்றும் பர்மாக்காரர்களின் தண்ணீர்த் திருவிழாவும் வழக்கம்போல ஒரே வாரத்தில் வந்து நிற்கின்றன, நாளைக்கு ரோட்டில் இறங்கினால் நனையாமல் வீடு திரும்ப முடியாது, அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் இனிய தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள்.

மாசியில் உங்கள் கடைக்கு வந்தபோது மூட்டைக்குள் குத்தூசி விட்டு ஒரு பிடி உளுந்தை எடுத்து உள்ளங்கையில் பரப்பினீர்கள், அப்புறம் ஒன்றைப் பல்லில் கடித்துப் பிளந்து உள்ளே வெள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று காட்டினீர்கள். இந்தியாவுக்குப் போகிற உளுந்தை இத்தனை வருடமாகக் காகிதத்திலேயே பார்த்தவன் நான், மூட்டைக் கணக்கும் கன்டெய்னர் நம்பரும்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவின் உளுந்து டப்பாவைத் திறந்து அதே மாதிரி கடித்துப் பார்த்தேன், அம்மா என்னடா ஆச்சு உனக்கு என்று கேட்டார். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் தெரு பிடௌக் மரம் போன வாரத்து மழையில் ஒரே ராத்திரியில் மஞ்சளாகப் பூத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதிர்ந்தும் போனது. பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா ஒரு கொத்து கொண்டுவந்து கொடுத்தார், கனித் தட்டில் அதைத்தான் வைக்கப் போகிறோம். காலையில் அனவ்ரத்தா ரோடு காளி கோயிலுக்கு வருவோம், 1871-இல் நம் ஆட்கள் எழுப்பிய கோயிலில் வருடத்தின் முதல் கும்பிடு போட்டால்தான் அம்மாவுக்குத் திருப்தி. நீங்களும் அங்கே வந்தால் நேரில் வணக்கம் சொல்கிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை அண்ணா. வாழ்த்து என்று நினைத்துத் திறந்தால் கீழே விலைப்பட்டியல் இருக்கிற மெயில் பண்டிகைக்குப் பண்டிகை எனக்கும் வருகிறது, நம்மை நினைத்து எழுதினார்கள் என்று சந்தோஷப்பட்ட மனசு அந்த இடத்தில் கசந்துவிடும். உங்களுக்கு அப்படி ஒன்றை நான் அனுப்ப மாட்டேன்.

பிள்ளைகள் தண்ணீரில் ஆடிவிட்டுச் சளி பிடிக்காமல் இருக்கட்டும்.

அன்புத் தம்பி,
சூலே கிளியரிங் ஆபீஸ்


பெறுபவர்: தையல் ஃபேக்டரி அக்கா
பொருள்: அக்கா, சும்மா விசாரிக்க

அக்கா,

தீபாவளிக்கு எல்லோருக்கும் வாழ்த்து எழுதிக்கொண்டு வந்தேன், உங்கள் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன். மாமா தவறி வருடம் திரும்பவில்லை, உங்கள் வீட்டில் இந்தத் தடவை எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டீர்கள். ஊரெல்லாம் வாழ்த்து வருகிற நாளில் உங்களுக்கும் அதையே அனுப்ப மனம் வரவில்லை, ஒன்றும் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

உங்கள் ஃபேக்டரி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்பாரே, நான் ஒரே ஒரு தடவை வந்தவன், என்னையும் கேட்டார். அத்தையை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


பெறுபவர்: மரக்கடை பாய்
பொருள்: பெருநாள் வாழ்த்துகள் பாய்

அஸ்ஸலாமு அலைக்கும் பாய்.

நோன்புப் பெருநாள் வாழ்த்துகள், ஈத் முபாரக். முப்பது நாளும் இந்த வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் மரக்கடையில் நின்று வேலை வாங்கியிருக்கிறீர்கள், இன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

பத்தாம் நோன்பன்று உங்களைப் பார்க்க வந்தேன், நேரமாகிவிட்டது, போகும்போது கையில் கஞ்சித் தூக்கைக் கொடுத்து அனுப்பினீர்கள். இஞ்சி வாசனையோடு அந்தக் கஞ்சியை நாங்கள் நான்கு பேரும் வழித்துக் குடித்தோம், கடைசிக் கரண்டிக்குச் சின்னவனும் பெரியவளும் சண்டை. வீட்டில் யார் வைத்தார்களோ அவர்களுக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்.

தூக்கு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார், நாளைக்கு அவர் கையால் செய்த அதிரசத்தோடு பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவனை உட்காரவைத்து டீ கொடுக்க வேண்டாம் பாய், கொடுத்தால் ஆபீஸுக்குத் திரும்பவே மாட்டான்.

தம்பி