காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ் குறித்த ஆலோசனைக் கடிதம்

சட்ட உதவி மையம்
குன்னூர்
10 மார்ச் 2026

அன்புள்ள சரோஜா அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கொடுத்த தாளையும் வாடகை நோட்டையும் படித்துப் பார்த்தோம். உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: வருகிற 15ஆம் தேதி நீங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் கொடுத்திருக்கும் தாள் நீதிமன்ற உத்தரவு அல்ல. ஏழு நாளில் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பூட்டை மாற்றி, தண்ணீரையும் கரண்டையும் நிறுத்திவிடுவேன் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். மாத வாடகைக்கு இருப்பவருக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே சொல்கிறது. குன்னூர் போன்ற நகராட்சிப் பகுதிகளுக்கு 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, சட்டத்தில் சொல்லப்பட்ட காரணம் ஒன்றைக் காட்டி, வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டு, உத்தரவு பெற்ற பிறகே உங்களை வெளியேற்ற முடியும். தன் மகன் குடிவருகிறான் என்று அவர் சொல்வது உண்மையானால் அதையும் அவர் அங்கேதான் மெய்ப்பிக்க வேண்டும். சீசனுக்கு வீட்டை ஹோம்ஸ்டேயாக மாற்றப்போகிறார் என்று பக்கத்து வீட்டார் சொன்னதை இப்போது அவரிடம் கேட்க வேண்டாம். சொன்னவர் வந்து சாட்சி சொல்வாரா என்பது தெரியவில்லை.

தண்ணீரை நிறுத்துவது தனிக் குற்றச்சாட்டு. வாடகை பாக்கி இருந்தாலும்கூட, வீட்டுக்காரர் தண்ணீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளைத் துண்டிக்கக் கூடாது. அப்படிச் செய்தால் அன்றைக்கே போன் செய்யுங்கள். வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்து, விசாரணை முடிவதற்கு முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு கேட்போம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவரே அந்த அதிகாரியாக இருப்பார். மூடிய வால்வையும் மீட்டர் பெட்டியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஆட்களோடு வந்து பூட்டை உடைத்தால் 112க்கு அழையுங்கள்.

இனி உங்களுக்குப் பாதகமான பக்கம். இதை மறைப்பது உங்களுக்கு நல்லதல்ல. ஒன்பது ஆண்டுகளாக வாய்ப்பேச்சில்தான் குடியிருக்கிறீர்கள். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டி வெளியேற்றம் கேட்கவும் புதிய சட்டம் இடம் தருகிறது. வீட்டுக்காரருக்கு நல்ல வக்கீல் கிடைத்தால், மகன் கதையை விட்டுவிட்டு இதைத்தான் பிடிப்பார். ஆகவே, ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யத் தயார் என்று உங்கள் பெயரில் ஒரு கடிதம் தயாரித்திருக்கிறோம். பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் அவரிடம் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள். இது வழக்கை வென்று தரும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால், மறுத்தவர் நீங்கள் அல்ல என்று காட்டும்.

அடுத்தது வாடகை. இதில் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம். இரண்டு மாத பாக்கி சேர்ந்தால் அதுவே அவருக்கு வலுவான காரணமாகிவிடும். மார்ச் மாதப் பணத்தை அவர் கையில் வாங்க மறுத்தார் அல்லவா? மழைக்காலத்தில் அனுப்பியதுபோல, அவருடைய எண்ணுக்கே 4,800 ரூபாயை இன்றே போன் வழியாக அனுப்புங்கள். குறிப்பில் 'மார்ச் மாத வாடகை' என்று எழுதுங்கள். திருப்பி அனுப்பினால் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்து, ஏப்ரலிலும் அப்படியே செய்யுங்கள். அதற்கும் மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது.

அந்தச் சின்ன நீல நோட்டுதான் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சான்று. மாதாமாதம் தொகை, தேதி, அவர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்கின்றன. முதல் பக்கத்தில் அட்வான்ஸ் 40,000 வாங்கியதையும் அவரே எழுதியிருக்கிறார். 'கணக்குப் பார்க்கிறேன், கொடு' என்று கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். எல்லாப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்து, மூலத்தை உங்கள் அக்கா வீட்டில் வையுங்கள். வெற்றுத் தாளிலோ முத்திரைத் தாளிலோ எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். நீங்கள் ஆஜராகாவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலேயே உத்தரவு போட்டுவிடுவார்கள். நாங்கள் மாணவர்கள், உங்களுக்காக நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஆனால் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கான விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறோம். அவசரமென்றால் 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரையாவது இருக்க விடுவார்களா என்று கேட்டீர்கள். தேர்வைக் காட்டி வழக்கைத் தள்ள முடியாது. ஆனால் 15ஆம் தேதிக்குள் வழக்கு முடிந்து உத்தரவு வருவது நடக்காத காரியம். சமரசமாகப் பேச அவர் முன்வந்தால், தேர்வுக்குப் பிந்திய ஒரு தேதியும் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வருவதும் எழுத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். தனியாகப் போய்ப் பேச வேண்டாம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நோட்டு, ஆதார், கேஸ் புத்தகம் ஆகியவற்றோடு வாருங்கள். மூன்று கையெழுத்துகள் தேவைப்படும்.

இப்படிக்கு,
தேன்மொழி
நான்காம் ஆண்டு சட்ட மாணவி
(மேற்பார்வை ஆசிரியர் படித்து ஒப்புதல் அளித்தது)