Fwd: காவடி ஊர்வலப் பாதை – 41 மடல்களின் சுருக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியை அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஊர்வலப் பொறுப்பை ஏற்றுக்கொள்ள இசைந்தமைக்கு விழாக்குழுவின் சார்பில் நன்றி. முந்தைய பொறுப்பாளர் மகள் வீட்டுக்கு ரீயூனியன் சென்றுவிட்டார், மார்ச்சில்தான் திரும்புவார். செப்டம்பர் 28 முதல் நேற்றுவரை குழுவினரிடையே நடந்த 41 மடல்களையும் அப்படியே அனுப்பினால், ஒவ்வொரு மடலின் அடியிலும் அதற்கு முந்தைய மடல்கள் எல்லாம் மறுபடி வருவதால், ஒரே செய்தியைப் பலமுறை படிக்க நேரும். ஆகவே முடிவானதையும் முடிவாகாததையும் பிரித்து இங்கே எழுதுகிறேன். மேற்கோள் குறியுடன் உள்ளவை அவரவர் சொற்கள். மற்றவை என் சுருக்கம்.

முதலில் பாதை. ஆற்றங்கரையில் பூசை முடித்துக் காவடி எடுத்துப் பெரிய சாலை வழியாக வருவதே இதுவரை வழக்கம். அந்த வழியில் மெட்ரோ தண்டவாளத்தைக் கடக்க வேண்டும். தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி செல்கிறது. சென்ற ஆண்டு தேரும் சில உயரமான காவடிகளும் அங்கே நெடுநேரம் காத்து நின்றதையும், மயில்தோகை கட்டிய ஒரு காவடியைச் சாய்த்துப் பிடித்துக் கடத்தியதையும் இளைஞர் அணிப் பொறுப்பாளர் விவரமாக எழுதியிருந்தார். பழைய வழியை விடக் கூடாது என்று மூத்த உறுப்பினர் இருவர் வற்புறுத்தினார்கள். அவர்கள் காரணம் வழக்கம் மட்டுமல்ல, பெரிய சாலையில் உள்ள வீட்டார் வாசலில் மஞ்சள் நீர் வைத்துக் காத்திருப்பார்கள் என்பதும்தான். இந்தப் பேச்சு மட்டும் 17 மடல்கள் ஓடியது. அக்டோபர் 19 கூட்டத்துக்குப் பின் தலைவர் எழுதியது இது:

> பின்தெரு வழியாகவே போவோம். தேரும் அதே வழிதான். பெரிய சாலை வீட்டார் ஆற்றங்கரைக்கே வந்து மஞ்சள் நீர் ஊற்றலாம் என்று நானே நேரில் சொல்லிவிடுகிறேன். இதில் இனி மறுபேச்சு வேண்டாம்.

எனவே பாதை முடிந்த விஷயம். அக்டோபர் 19-க்கு முந்தைய மடல் எதையாவது யாராவது உங்களிடம் காட்டி வேறு வழி சொன்னால், அது இந்த முடிவுக்கு முன் எழுதியது என்று கொள்ளவும். புதிய வழி பழையதைவிட ஏறத்தாழ 600 மீட்டர் கூடுதல்.

அந்த 600 மீட்டரிலிருந்துதான் இப்போதைய சிக்கல்கள் கிளம்புகின்றன. பின்தெருவில் மெட்ரோ கம்பி இல்லை. ஆனால் வீடுகளுக்குப் போகும் மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் தொய்ந்து தொங்குகின்றன. நவம்பர் 8 அன்று இளைஞர் அணியினர் அளந்ததில் மிகத் தாழ்வான இடம் 4.2 மீட்டர், கலசத்தோடு தேர் 3.9 மீட்டர். தேர் போகும், ஆனால் இடைவெளி குறைவு என்பதால் அந்த இடத்தில் இருவர் முன்னே நடக்க வேண்டும் என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டார்கள். தோளில் வைத்த நிலையில் காவடியின் உச்சி தரையிலிருந்து 3.2 மீட்டருக்கு மேற்படக் கூடாது என்பதும் முடிவாகிவிட்டது. முடிவாகாமல் நிற்பது ஒன்று: இரண்டு குடும்பத்தார் இந்த அளவு வருவதற்கு முன்பே அதைவிட உயரமாகச் சட்டம் கட்டிவிட்டார்கள். அவர்களிடம் யார் பேசுவது என்று ஆறு மடல்களில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டியிருக்கிறார்கள். கொடியேற்றத்துக்குப் பின் விரதத்தில் இருப்பவர்களிடம் போய்ச் சட்டத்தை வெட்டச் சொல்வது அழகாக இராது; இப்போதே சொன்னால் மனத்தாங்கல் இல்லாமல் முடியும் என்பது என் கருத்து. இரு வீட்டுப் பிள்ளைகளும் உங்களிடம் தமிழ் படித்தவர்கள் என்பதால், இந்த வேலையை உங்களையே கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது நேரம். ஒன்பது மணிக்குப் புறப்பட்டால், வெறுங்காலோடு வருபவர்கள் கடைசிப் பகுதியைத் தார் நன்றாகக் காய்ந்த பிறகு நடக்க வேண்டியிருக்கும். ஆணிப் பாதுகை அணிந்து வருபவர்கள் அதைவிடவும் மெதுவாகவே வருவார்கள். ஆகவே ஏழரைக்கே புறப்பட வேண்டும் என்கிறது இளைஞர் அணி. அலகு குத்தும் வேலை அதற்குள் முடியாது, அதை அவசரப்படுத்தவும் கூடாது என்கிறார் குருக்கள். இரண்டும் நியாயமே. பாலபிஷேகம் நண்பகலுக்குள் தொடங்க வேண்டும் என்பதில் மட்டும் எவருக்கும் மறுப்பில்லை. அலகு இல்லாமல் பால்குடம் மட்டும் எடுப்பவர்களை முன்னதாக அனுப்பலாம் என்று அன்னதானப் பொறுப்பாளர் நவம்பர் 12 அன்று எழுதிய யோசனைக்கு எவரும் பதில் எழுதவில்லை. மடல்கள் குவிந்த வேகத்தில் அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். கூட்டத்தில் அதை நீங்கள் எடுத்து வைத்தால் நல்லது.

சாலையில் நீர் தெளிக்க ஒரு தண்ணீர் லாரிக்குப் பணம் ஒதுக்கப்பட்டுள்ளது. இங்கே ஒரு விளக்கம் தேவை. அக்டோபர் 27 மடலில் இரண்டாவது லாரி வேண்டுமா என்றும், பந்தலைப் பெரிதாக்கலாமா என்றும் ஒரே பத்தியில் கேட்டிருந்தார்கள். பொருளாளர் அதற்கடியில் “சரி” என்று மட்டும் எழுதினார். இரு தரப்பாரும் அதைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்கள். நேற்று அவரிடம் தொலைபேசியில் கேட்டேன்: சரி என்றது பந்தலுக்குத்தான், லாரி ஒன்றே.

புயல் எச்சரிக்கை பற்றிய முடிவைச் சொல் மாறாமல் தருகிறேன், ஏனென்றால் அன்று காலை இதை வைத்துத்தான் எல்லாரும் உங்களைக் கேட்பார்கள்:

> முதலாம் வகுப்பு எச்சரிக்கை இருந்தால் காவடி உண்டு, தேர் வெளியே வராது. இரண்டாம் வகுப்பு வந்துவிட்டால் ஊர்வலமே கிடையாது. கோயிலுக்குள் பாலபிஷேகம் மட்டும். அதற்கு மேல் போனால் எவரும் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம்.

ஏழு கறிச் சாப்பாடு 420 பேருக்கு. தொடக்க மடல்களில் வரும் 350 பழைய கணக்கு. அன்னதானம் உங்கள் பொறுப்பில் வராது. எண்ணிக்கையை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளவும்.

தீபாவளி வாழ்த்துகளையும், தொலைபேசி எண்களையும், உறுப்பினர் ஒருவரின் உடல்நிலை பற்றி அவர் குழுவுக்கு மட்டும் எழுதியதையும் இதில் சேர்க்கவில்லை. பாதை பற்றிய வாதத்தில் இருவர் எழுதிய கடுமையான வரிகளையும் விட்டுவிட்டேன். அவர்கள் சொன்ன காரணங்கள் மேலே இருக்கின்றன, இருவரும் இப்போது சேர்ந்துதான் வேலை செய்கிறார்கள். மற்ற மடல்களில் எதையாவது முழுதாகப் பார்க்க விரும்பினால் தேதியைக் குறிப்பிடுங்கள், தனியே அனுப்புகிறேன்.

பதில் எழுத எழுத இணைப்புகள் விடுபட்டுப்போனதால், பாதையின் வரைபடம், கம்பி உயரங்களின் அட்டவணை, காவல்துறைக்கு எழுதிய கடிதத்தின் வரைவு ஆகிய மூன்றையும் இந்த மடலோடு புதிதாக இணைத்திருக்கிறேன். வரைவில் இன்னும் பழைய பாதையே இருக்கிறது. அதைத் திருத்திப் புறப்படும் நேரத்தை மட்டும் கூட்டத்துக்குப் பின் சேர்க்கும்படியும், அந்த இரு குடும்பத்தாரிடமும் பேசி முடித்ததை நவம்பர் 24-க்குள் எனக்குத் தெரிவிக்கும்படியும் வேண்டுகிறேன். இந்த மடலுக்குப் பதில் எழுதினால் எனக்கும் தலைவருக்கும் மட்டுமே வரும். குழு முழுமைக்கும் போகாது.

இப்படிக்கு,
செயலாளர், தைப்பூச விழாக்குழு
ரோஸ்ஹில், மொரிசியசு
நவம்பர் 18