சனிக்கிழமை மாலை திறப்பு: நம் குழுவுக்கான குறிப்பு

நண்பர்களே, ஏற்காடு காபி குடோனில் மாலை 5 மணிக்கு நம் ஓவியக் கண்காட்சி திறப்பு. 11 பேர், 32 படங்கள். மதியம் 2 மணிக்குள் எல்லாம் சுவரில் ஏறிவிட வேண்டும்.

மாட்டும்போது மேல் விளிம்பை ஒரே கோட்டில் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு படத்தின் நடுவும் தரையிலிருந்து 58 அங்குலத்தில் வரட்டும். 24 அங்குல உயரப் படம், கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் விளிம்புக்கு 3 அங்குலம் கீழே நிற்கிறது என்றால், ஆணி 58 + 12 − 3 = 67 அங்குலத்தில். கண்ணாடி போட்ட நீர்வண்ணப் படங்கள் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். படத்துக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும். மூடுபனி இறங்கினால் அந்தச் சுவர் ஈரம் வாங்கும். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் கார்க் துண்டு ஒட்டுங்கள், பின்னால் காற்று போகும். குத்துவிளக்கு வெளித் திண்ணையில்.

லேபிள் வலப்பக்கம், கீழே. ஓவியர் பெயர் எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்தில். பெயருக்குக் கீழே வருவது, 7-ஆம் படத்துக்கு:

வளைவும் வெயிலும்
காகிதத்தில் நீர்வண்ணம், 15 × 22 அங்குலம், ரூ. 9,500
"ஃப்ளெக்ஸ் வரும்வரை சினிமா பேனர் வரைந்தேன். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவை ஏற்காடு ரோட்டோரம் உட்கார்ந்து மூன்று காலைகளில் வரைந்தேன்."

வரவேற்புரை நான் பேசுகிறேன், இவ்வளவுதான்:

"எல்லாருக்கும் வணக்கம். மலையேறி வந்ததற்கு நன்றி. இந்தப் பதினொரு பேரும் சேலத்துக்காரர்கள், இந்த மலைக்காரர்கள். டிராயிங் மாஸ்டர் இருக்கிறார், தறி ஓட்டுகிறவர் இருக்கிறார், காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர் இருக்கிறார். வேலை போக மிஞ்சிய நேரத்தில் வரைந்தவை இவை. 7-ஆம் படத்துக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள், வளைவின் நிழல் வெறும் ஊதாப் பட்டை. அப்புறம் நாலடி தள்ளி நில்லுங்கள், வெயில் சுடும். வரைந்தவர் பக்கத்திலேயே இருப்பார், தயங்காமல் பேசுங்கள். விளக்கை நம்மில் மூத்தவரான, அந்தப் படத்தை வரைந்த பேனர் ஓவியர் ஏற்றுவார்."

விற்பனைக்கு ஒரே மேசை, ஒரே பில் புக். ஓவியர் யாரும் விலை பேச வேண்டாம். தன் படத்துக்கு எதிரே நின்று ஒருவர் "கொஞ்சம் குறைங்க" என்றால் நம்மால் மறுக்க முடியாது, எனக்கே நடந்திருக்கிறது. மேசைக்கு அனுப்பிவிடுங்கள். விலை குறையாது, வேண்டுமானால் இரண்டு தவணை. பாதிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் 'விற்றாயிற்று' என்று சிவப்புப் பொட்டு. குடோனுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும், அதனால் வாங்குபவர் காட்டும் திரையைப் பார்த்து ரசீது போடாதீர்கள். நம் கணக்கில் பணம் ஏறியதா என்று பாருங்கள். ரசீதில் இந்த வரி கட்டாயம்: "படம் வாங்கியவருக்கு, பதிப்புரிமை ஓவியருக்கு." நாள்காட்டியில் அச்சடிக்க வேண்டும் என்றால் தனியாக எழுதி வாங்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

நூற்றுக்கு 85 ஓவியருக்கு, 15 வாடகைக்கும் விளக்குக்கும். விற்ற படமும் அடுத்த ஞாயிறு வரை சுவரிலேயே இருக்கும். மீதிப் பணம் வந்த 3 நாளில் ஓவியர் கணக்குக்குப் போய்விடும்.