தரைத்தளம் + 9 மாடிக் குடியிருப்பு: மின்தூக்கி விவரக்குறிப்பு

36 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என 144 பேர். மாடி உயரம் 3 மீட்டர். மொத்தப் பயணம் 27 மீட்டர்.

கொள்ளளவு: லிஃப்ட் 1 - 630 கிலோ, 8 பேர், லிஃப்ட் 2 - 1000 கிலோ, 13 பேர். இரண்டாவதன் கூண்டு உள்ளளவு 1100 × 2100 மி.மீ. இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரும் பீரோவும் நுழையத்தான் இந்த ஆழம். செலவைக் குறைக்க இதைச் சுருக்கக் கூடாது. இரண்டுக்கும் 900 மி.மீ. தானியங்கிக் கதவு.

வேகம்: நொடிக்கு 1.0 மீட்டர், மோட்டார் வேகத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் விவிவிஎஃப் இயக்கி, இரண்டுக்கும் பொதுவான அழைப்புக் கட்டுப்பாடு.

போக்குவரத்துக் கணக்கு: மேல்நோக்கிய நெரிசலில் இரண்டையும் 8 பேர் லிஃப்டாகவே கொண்டோம். ஒரு சுற்றுக்கு 6 பேர் (P), எதிர்பார்க்கும் நிறுத்தங்கள் 4.56 (S), சராசரி உச்சத் தளம் 8.16 (H). மாடிக்கு tv = 3, நிறுத்தத்துக்கு ts = 8, ஆள் ஏற அல்லது இறங்க tp = 1.2 நொடி. ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் நேரம் RTT:

```
RTT = 2·H·tv + (S+1)·ts + 2·P·tp
    = 49.0 + 44.5 + 14.4 ≈ 108 s
```

இரண்டு லிஃப்ட் என்பதால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இதில் பாதி, 54 நொடி. 5 நிமிடத்தில் 33 பேர், அதாவது குடியிருப்போரில் 23%. தேவை 7% தான். ஆள் எண்ணிக்கைக்கு ஒரே லிஃப்ட் போதும் (11.6%), ஆனால் இடைவெளி 108 நொடியாகிவிடும், பழுதானால் மாடிப்படிதான் கதி. அதனால் இரண்டு.

வேகத்தை 1.6 ஆக்கினாலும் சுற்றில் அதிகபட்சம் 18 நொடியே மிச்சம். தேவையில்லை.

ஒப்பந்ததாரர் தன் இயந்திரத்தின் கதவு நேரங்களை வைத்து இதே கணக்கைத் திரும்பப் போட்டு, வரைபடத்துடன் தர வேண்டும். இடைவெளி 60 நொடியைத் தாண்டினால் ஏற்கப்படாது.