ஏல ஆட்சேபணைக் கடிதம்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்
(ஒரு பிரதி நேரிலும் கொடுக்கப்படுகிறது)

கடலூர்,
26.08.2025

அனுப்புநர்
க. தனலட்சுமி,
14, பிள்ளையார் கோயில் தெரு,
வண்டிப்பாளையம், கடலூர்.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
தங்க நகைக்கடன் நிறுவனம்,
நேதாஜி சாலைக் கிளை,
மஞ்சக்குப்பம், கடலூர்.

ஐயா,

பொருள்: நகைக்கடன் எண் 2406/1187 – முறையான அறிவிப்பு இல்லாமல் 20.08.2025 அன்று நடந்ததாகச் சொல்லப்படும் ஏலத்துக்கு ஆட்சேபணை – நகைகளை ஏலதாரரிடம் ஒப்படைக்காமல் நிறுத்தி வைக்கவும், கடனைத் தீர்த்து மீட்டுக்கொள்ள அனுமதிக்கவும் கோருதல்.

பார்வை: 1. கடன் அட்டை, நாள் 12.06.2024. 2. முகவரி மாற்றக் கடிதம், நாள் 14.11.2024. 3. வட்டி ரசீது ரூ.10,000, நாள் 11.08.2025.

மேற்படி கணக்கில் 12.06.2024 அன்று ரூ.2,85,000 கடன் பெற்றேன். வட்டி மாதம் ஒன்றரை சதவீதம், தவணைக் காலம் 12 மாதம். ஈடாக வைத்தவை: கெட்டிச் செயின் 1 (24.200 கிராம்), வளையல் 4 (32.000 கிராம்), ஜிமிக்கியுடன் கம்மல் ஒரு ஜோடி (8.400 கிராம்), மோதிரம் 1 (3.800 கிராம்). மொத்த எடை 68.400 கிராம். கல், அரக்குக்காக 2.400 கிராம் கழித்து, நிகர எடை 66.000 கிராம், 22 காரட் என்று உங்கள் மதிப்பீட்டாளரே கடன் அட்டையில் எழுதியிருக்கிறார்.

11.03.2025 வரையிலான ஒன்பது மாத வட்டி ரூ.38,475 கட்டியிருக்கிறேன். அதன்பின் தவணை தவறியது உண்மை, மறுக்கவில்லை. இந்த 11.08.2025 திங்கட்கிழமை கிளைக்கு வந்து மேலும் ரூ.10,000 கட்டினேன். ரசீது கொடுத்த பணியாளர், "மீதியை அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா" என்றார். ஏலம் என்ற வார்த்தையே அன்று யார் வாயிலும் வரவில்லை. 22.08.2025 வெள்ளிக்கிழமை கணக்கைத் தீர்ப்பது பற்றிக் கேட்க வந்தபோதுதான், நகைகள் 20-ஆம் தேதி விழுப்புரத்தில் ரூ.4,18,000-க்கு ஏலம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அறிவிப்பு எங்கே என்று கேட்டபோது உங்கள் கோப்பைத் திறந்து காட்டினார்கள். 18.07.2025 தேதியிட்ட ஏல அறிவிப்பு, திருப்பாதிரிப்புலியூரில் நான் முன்பு குடியிருந்த வாடகை வீட்டு முகவரிக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. அந்த உறை, 'வீடு மாறிவிட்டார்' என்ற தபால்காரரின் குறிப்போடு 26.07.2025 அன்று கிளைக்கே திரும்பி வந்து, பிரிக்கப்படாமல் அதே கோப்பில் ஊசி குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. நான் வீடு மாறியது உங்களுக்குத் தெரியாததல்ல. 14.11.2024 அன்றே புதிய முகவரியை எழுத்து மூலமாக, ஆதார் நகலோடு கொடுத்து, பிரதியில் கிளை முத்திரையும் சுருக்கொப்பமும் பெற்றிருக்கிறேன். 11.08.2025 ரசீதில் உங்கள் கணினி அச்சிட்டிருப்பதும் வண்டிப்பாளையம் முகவரிதான். ரசீதுக்குத் தெரிந்த முகவரி ஏல அறிவிப்புக்குத் தெரியாமல் போனதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? ஒவ்வொரு மாதமும் வட்டி நினைவூட்டும் குறுஞ்செய்தி வரும் என் கைபேசி எண்ணுக்கும் ஏலம் பற்றி ஒரு செய்தி வரவில்லை.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 176-இன்படி, கடன் தவறினால் ஈடு பெற்றவர் வழக்குத் தொடரலாம். அல்லது ஈடு வைத்தவருக்கு நியாயமான விற்பனை அறிவிப்பு கொடுத்த பிறகு பொருளை விற்கலாம். விற்கும் உரிமையே அந்த அறிவிப்பைத் தொட்டுத்தான் பிறக்கிறது. பிரிவு 177-இன்படி, தவணை தவறிய பிறகும், உண்மையில் விற்கப்படும் நிமிடம் வரை கடனையும் செலவையும் கட்டி நகையை மீட்கும் உரிமை எனக்கு உண்டு. அறிவிப்பு வராததால் நான் இழந்தது அந்த உரிமையைத்தான். 11-ஆம் தேதி பணத்தோடு உங்கள் கவுண்டரில் நின்றவளிடம், ஒன்பது நாளில் ஏலம் என்று சொல்லியிருந்தால் மீதியையும் புரட்டிக் கட்டி நகையைத் திருப்பியிருப்பேன்.

நீங்கள் சொல்லக்கூடிய இரண்டு பதில்களுக்கு இப்போதே விளக்கம் தருகிறேன்.

பதிவுத் தபாலில் அனுப்பியதே போதும், சேர்ந்ததாகக் கருத வேண்டும் என்பது ஒன்று. பொதுப் பிரிவுகள் சட்டம் 1897, பிரிவு 27 அப்படிக் கருதச் சொல்வது, சரியான முகவரியிட்டு அனுப்பிய தபாலுக்கு. தவறான முகவரிக்குப் போய்த் திரும்பிய உறைக்கு அது பொருந்தாது. அந்த உறை உங்கள் கைக்கு வந்த 26.07.2025-இலிருந்து ஏல நாள் வரை 25 நாள் இருந்தது. சரியான முகவரிக்கு இன்னொரு அறிவிப்பு அனுப்ப அது தாராளமான அவகாசம். அறிவிப்பில் ஏல நாளும் இடமும் குறிக்காமல் '14 நாட்களுக்குள் கட்டாவிட்டால் ஏலம்' என்று மட்டும் இருந்ததைக்கூட நான் முதன்மையாக்கவில்லை. அது என்னிடம் வந்து சேரவே இல்லை என்பதே என் ஆட்சேபணை.

அறிவிப்பு தேவையில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன் என்பது மற்றொன்று. எனக்குப் படித்துக் காட்டப்படாத ஆங்கிலப் படிவத்தில் அப்படி ஒரு வரி இருந்தாலும் செல்லாது. பிரிவு 176 கோரும் நியாயமான அறிவிப்பு கட்டாயமானது, அதை ஒப்பந்தத்தால் விலக்க முடியாது என்று பி.டி.சி. இந்தியா ஃபைனான்சியல் சர்வீசஸ் எதிர் வெங்கடேஸ்வரலு காரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 12.05.2022 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. நாளிதழ் விளம்பரமும் இதற்கு ஈடாகாது. அது ஏலம் கேட்க வருபவர்களுக்கானது. கடன்தாரருக்கான அறிவிப்பு தனி.

ஏலம் நடந்த விதத்திலும் குறை இருக்கிறது. வங்கி சாராத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 19.10.2023 அன்று வெளியிட்ட அளவு அடிப்படையிலான ஒழுங்குமுறை வழிகாட்டுதல்களின்படி, கடன் கொடுத்த கிளை இருக்கும் ஊரிலோ தாலுகாவிலோ ஏலம் நடக்க வேண்டும். முதல் ஏலம் தோற்றால்தான் பல கிளை நகைகளைச் சேர்த்து வேறிடத்தில் விடலாம். அதுவும் அதே மாவட்டத்துக்குள். கடலூரும் விழுப்புரமும் தென்னாற்காடாக ஒன்றாயிருந்த காலம் 1993-ஓடு முடிந்துவிட்டது.

விலையைப் பாருங்கள். ரிசர்வ் விலை, அதாவது அதற்குக் கீழே விற்கக் கூடாத விலை, 22 காரட் தங்கத்தின் முந்தைய 30 நாள் சராசரி முடிவு விலையில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சராசரியைக் கிராமுக்கு ரூ.9,000 என்று வைத்தால், 85 சதவீதம் ரூ.7,650. 66 கிராமுக்கு ரூ.5,04,900. நீங்கள் சொல்லும் ரூ.4,18,000, கிராமுக்கு ரூ.6,333 மட்டுமே. வித்தியாசம் ரூ.86,900. நீங்கள் வேறு சராசரியை எடுத்திருந்தால் அதன் கணக்கைக் காட்டுங்கள். தூய்மை குறைவு என்று கழித்திருந்தால், யார், எப்போது, யார் முன்னிலையில் உரசிப் பார்த்தார்கள் என்பதற்கும் எழுத்து வேண்டும். ஏனெனில் கடன் அட்டையில் இருப்பது 22 காரட்.

பாக்கியிலும் ஓர் ஆட்சேபணை. 12.03.2025 முதல் 20.08.2025 வரை வட்டி ரூ.22,640, கட்டிய ரூ.10,000 போக ரூ.12,640, அசலோடு ரூ.2,97,640. உங்கள் கணக்கில் ரூ.3,02,640 இருக்கிறது. அதிகப்படியான ரூ.5,000-இல் அபராதக் கட்டணம் ரூ.4,410, 'நோட்டீஸ் கட்டணம்' ரூ.590. என்னிடம் வராத அறிவிப்புக்கு என்னிடமே கட்டணம் எழுதியிருப்பதை ஏற்க முடியாது. அபராதக் கட்டணம் எந்த நிபந்தனையின்படி என்று காட்டினால் பரிசீலிக்கிறேன். உங்கள் கணக்கையே எடுத்தாலும் ரூ.1,15,360 எனக்குத் திருப்ப வேண்டிய உபரி. வெள்ளிக்கிழமை கிளையில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எனவே நான் கோருவது:

1. நகைகள் இன்னும் ஏலதாரரிடம் போகவில்லை என்றால், இக்கடிதம் கிடைத்த நேரத்திலிருந்து ஒப்படைக்காமல் நிறுத்துங்கள். போயிருந்தால், உருக்க வேண்டாம் என்று அவருக்கு இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். நாளை விநாயகர் சதுர்த்தி விடுமுறை என்பதால்தான் தபாலை மட்டும் நம்பாமல் நேரிலும் கொடுக்கிறேன். அடையாளத்துக்கு: வளையல் நான்கும் என் அம்மா போட்டிருந்தவை. ஒன்றில் உட்புறம் அரை அங்குல நீளத்துக்குப் பற்றவைத்த தழும்பு இருக்கும். இடது கம்மலில் ஒரு சிவப்புக் கல் மட்டும் மற்றவற்றைவிட வெளிர் நிறம்.

2. ரூ.2,97,640-ஐயும் மீட்கும் நாள் வரையிலான வட்டியையும் வங்கி வரைவோலையாகக் கட்டத் தயாராக இருக்கிறேன். தொகையையும் நாளையும் எழுத்தில் தெரிவியுங்கள்.

3. நகைகளை மீட்கவே முடியாது என்றால், அதே எடையில், அதே தரத்தில் தங்கமோ, அல்லது நீங்கள் பணம் தரும் நாளின் 22 காரட் விலையில் 66 கிராமுக்கான தொகையில் என் உண்மையான பாக்கி போக மீதியோ, செய்கூலி இழப்போடு தர வேண்டும்.

4. பின்வரும் ஆவணங்களின் சான்றிட்ட நகல்கள் வேண்டும்: 18.07.2025 அறிவிப்பு, திரும்பி வந்த உறையின் இரு பக்கங்கள், ஏல விளம்பரம் வந்த தமிழ் நாளிதழ், தேசிய நாளிதழ் ஆகிய இரண்டின் பக்கங்கள், ஏலத்தை நடத்தியவரை நிர்வாகக் குழு ஏற்றதற்கான பதிவு, ரிசர்வ் விலைக் கணக்கு, ஏலக் கேட்புப் பட்டியல், என் முழுக் கணக்கு அறிக்கை, நான் கையெழுத்திட்ட ஒப்பந்தம். நகையைக் கேட்டு எடுத்தவருக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை என்று எழுத்தில் உறுதியும் தேவை.

5. 11.08.2025, 22.08.2025 ஆகிய நாட்களின் கிளைக் கேமராப் பதிவுகளை அழியாமல் பாதுகாக்க வேண்டும்.

உபரி என்று ஏதாவது தொகையை என் வங்கிக் கணக்கில் வரவு வைத்தால், அதை என் உரிமைகளுக்குப் பங்கமில்லாமல் பெற்றதாகவே கொள்ள வேண்டும். அது முழுத் தீர்வாகாது. முழுத் தீர்வு என்று அச்சிட்ட எந்த வவுச்சரிலும் நான் கையெழுத்திட மாட்டேன்.

ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம், 2021-இன் கீழ் cms.rbi.org.in தளத்தில் புகார் பதிவு செய்வேன். அதற்குள் நகைகள் கைமாறும் நிலை இருந்தால் காத்திருக்க மாட்டேன். கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இடைக்காலத் தடையும் இழப்பீடும் கோருவேன்.

இங்ஙனம்,
க. தனலட்சுமி

இணைப்புகள் (நகல்கள்): கடன் அட்டை, கிளை முத்திரையிட்ட முகவரி மாற்றக் கடிதம், வட்டி ரசீதுகள் 10, ஆதார், நகைகள் அணிந்த புகைப்படம் 2.

நகல்: குறைதீர்ப்பு அலுவலர், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் (பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும்).

நேரில் பெற்றுக்கொள்பவர் என் பிரதியில் பெயர், பதவி, நேரம் எழுதிக் கிளை முத்திரை இடக் கேட்டுக்கொள்கிறேன்.