தண்ணி மெசினுக்குப் பணம் திருப்பிக் கேட்டது தொடர்பாக

கிளிநொச்சி
13.08.2025

அன்புள்ள ஐயா,

திங்கட்கிழமை நீங்கள் விசுவமட்டிலிருந்து மெசினை ஏற்றிக்கொண்டு வந்தபோது நான் கடையில் இல்லை. கச்சான் காய்கிற நேரத்தில் ஒரு பகல் உங்களுக்கு வீணாகிவிட்டது. அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜூலை 18ஆம் தேதி வாங்கிய 2 அங்குல பெற்றோல் மெசின் பழுது, 48,500 ரூபாவையும் திருப்பித் தாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். மெசினைக் கழற்றிப் பார்த்தோம். முழுப் பணத்தையும் திருப்பித் தர முடியாத நிலையில் இருக்கிறேன். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

இயந்திரத்தில் குறை இல்லை. தண்ணீர்ப் பக்கத்தில் உள்ள சீல் மட்டும் கருகியிருக்கிறது. தண்ணீர் ஏறாமல் மெசின் வெறுமனே ஓடினால்தான் சீல் இப்படிக் கருகும். புது சீல் போட்டுக் கடைத் தொட்டியில் வைத்து ஓட்டினோம், நன்றாக இறைக்கிறது.

அப்படியென்றால் உங்கள் கிணற்றில் ஏன் ஏறவில்லை? மேலே இருந்து உறிஞ்சுகிற எந்த மெசினும் தண்ணீரைத் தானாக இழுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை அது எடுத்துவிட, வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தத்தால் கணக்குப்படி 34 அடி வரைதான் தள்ள முடியும். நடைமுறையில் 26 அடியைத் தாண்டினாலே சிரமம். பெட்டியிலும் 8 மீற்றர் என்றுதான் போட்டிருக்கிறது. ஜூலையில் உங்கள் கிணற்றில் 22 அடியில் தண்ணீர் நின்றதால் இரண்டு கிழமை ஒழுங்காக இறைத்திருக்கிறது. இப்போது 32 அடிக்குப் போய்விட்டது என்று நீங்களே தம்பியிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆழத்துக்கு இதே அளவில் புது மெசின் தந்தாலும் ஏறாது.

கடை விதி பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. எண்ணெய் ஊற்றாத, ஓட்டாத மெசினை 7 நாளுக்குள் கொண்டுவந்தால் முழுப் பணம். தயாரிப்புக் குறை என்றால் 14 நாளுக்குள் புதியது. இயந்திரத்துக்கு 6 மாத உத்தரவாதம். எண்ணெய் ஊற்றி ஓட்டியதைக் கம்பனி எங்களிடமிருந்து திரும்ப எடுப்பதில்லை. பழைய மெசின் என்று சொல்லித்தான் விற்க வேண்டும். உங்களுடையது 24 நாள் கழித்து வந்திருக்கிறது, இரண்டு கிழமை வேலையும் செய்திருக்கிறது.

ஆனால் எங்கள் பக்கமும் ஒரு பிழை இருக்கிறது. கோடையில் கிணறு எவ்வளவுக்கு இறங்கும் என்று விற்கும்போது எங்கள் பொடியன் கேட்கவில்லை. கட்டாயம் கேட்டிருக்க வேண்டும். அதனால் சீலுக்கும் கூலிக்கும் உங்களிடம் காசு வாங்கப்போவதில்லை.

கிணற்றடியில் கரண்ட் இருக்கிறது என்று சொன்னீர்களாம். அப்படியென்றால் தண்ணீருக்குள் இறக்கும் 1 குதிரைவலு மோட்டர்தான் உங்களுக்குச் சரி. அது கீழே இருந்து தள்ளுவதால் 32 அடி ஒரு பொருட்டே இல்லை. விலை 62,000 ரூபா. உங்கள் பெற்றோல் மெசினை 40,000 ரூபாவுக்கு நான் எடுக்கிறேன். மீதி 22,000 ரூபாவில் 10,000 இப்போது தந்தால் போதும், மற்றதைக் கச்சான் பிடுங்கி விற்ற பிறகு தாருங்கள், வட்டி கிடையாது. வந்து பூட்டித் தரும் செலவும் எங்களுடையது. மெசினையே வைத்திருக்க விரும்பினால் திருத்தியது தயாராக இருக்கிறது. மாரி மழைக்குக் கிணறு ஏறியதும் திரும்ப உதவும். எதையும் வாங்காமல் 40,000 ரூபாவைக் காசாக எடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஆகஸ்ட் 31 வரை இந்த விலை மாறாது.

நீங்கள் யோசித்து முடிக்கும்வரை பயிர் காத்திருக்காது. கடையில் இரவல் மோட்டர் ஒன்று இருக்கிறது. கேட்டால் நாளைக்கே அனுப்புகிறேன், 5 நாள் வைத்து இறையுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சிலர் செய்வதுபோல் கிணற்றுக்குள் பலகை கட்டிப் பெற்றோல் மெசினைக் கீழே இறக்கி ஓட்ட வேண்டாம். புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டு கிணற்றுக்குள் தேங்கும். மணம் தெரியாது, இறங்கியவர் மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார்.

இந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு நீங்கள் முறையிடலாம். அது உங்கள் உரிமை, நான் மனத்தாங்கல் கொள்ளமாட்டேன். வெள்ளிக்கிழமை முழுக்கக் கடையில் இருப்பேன். வர வசதியில்லையென்றால் சொல்லியனுப்புங்கள், சனிக்கிழமை நானே தோட்டத்துக்கு வந்து கிணற்றை அளந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
கண்டி வீதி, கிளிநொச்சி