முழங்கால் தண்ணீர்

நோட்டில் 61 என்று இருந்தது. செயலியில் 47.

பூங்கொடி மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். காலையில் வண்டியை எடுக்கும்போது மீட்டரில் எவ்வளவு, இரவு நிறுத்தும்போது எவ்வளவு என்று குறித்துவைப்பது அம்மாவிடமிருந்து தொற்றிய பழக்கம். அம்மா இட்லிக் கடைக் கணக்கை இருபது வருடமாக அப்படித்தான் எழுதுகிறாள். உளுந்து விலை ஏறிவிட்டது என்று செய்தியில் சொன்னால்கூட நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் நம்புவாள்.

ஆர்டர் இல்லாமல் சும்மா ஓடிய தூரத்தையும் கழித்தாயிற்று. அப்படியும் 14 கிலோமீட்டர் உதைத்தது. கிலோமீட்டருக்கு 9 ரூபாய். 126 ரூபாய் எங்கே போனது?

பழைய பக்கங்களைப் புரட்டினாள். வெயில் அடித்த நாட்களில் ஒன்று, இரண்டு என்றுதான் வித்தியாசம் வந்திருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மழை பெய்த நாட்களில் மட்டும் பதினொன்று, ஒன்பது, பதினாறு. 2032 ஐப்பசியில் சென்னையில் மழைக்குப் பஞ்சமில்லை. நோட்டிலும் அது தெரிந்தது.

உதவி எண்ணை அழைத்தாள். அரை மணி நேர இசைக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள். பாவம், அவளுக்கும் தூக்கக் குரல்.

"மேடம், நீங்கள் அசோக் பில்லரிலிருந்து கே.கே. நகருக்கு பி.டி. ராஜன் சாலை வழியாகப் போயிருக்கிறீர்கள். இங்கே அப்படித்தான் காட்டுகிறது."

"நான் அந்தச் சாலையில் கால் வைக்கவே இல்லை. ஜாபர்கான்பேட்டையைச் சுற்றிக்கொண்டு போனேன். உங்கள் செயலிதான் அப்படிப் போகச் சொன்னது."

"வரைபடத்தில் அது இல்லையே மேடம்."

பூங்கொடி தன் போனிலும் பார்த்தாள். பயண வரலாற்றில் நீலக் கோடு பி.டி. ராஜன் சாலையில் நேராக, அழகாக ஓடியது. மாலை முழுவதும் அவள் உருட்டிய சந்துகளில் ஒன்றுகூட இல்லை. சாக்கடையும் மழையும் கலந்து அடித்த நாற்றம் மட்டும் இன்னும் அவள் கால்சட்டையில் இருந்தது.

மறுநாள் ரபீக்கிடம் சொன்னாள். அவனும் அசோக் நகர்ப் பக்கம் ஓட்டுகிறவன்தான். மூன்று வயது சிறியவன். எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு யோசிப்பான்.

"அக்கா, சுற்றிப் போகச் சொன்னால் கேட்டுக்கொண்டு போனீர்களா? என்னை இதுவரை அப்படி விட்டதே இல்லை."

"'முன்னால் நெரிசல்' என்று வரும். நம்பிவிடுவேன்."

சோதித்துப் பார்ப்பது அவன் யோசனை. சாயங்காலம் ஆறரைக்கு, தூறல் வலுத்துக்கொண்டிருந்தபோது, அசோக் பில்லர் அருகில் ஒரே உணவகத்தில் இருவருக்கும் ஆர்டர் விழுந்தது. இரண்டுமே கே.கே. நகரில் ஒரே அடுக்ககத்துக்கு. இருவரும் போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ரபீக்கின் கோடு பி.டி. ராஜன் சாலையில் நேராகப் போனது. அவளுடைய கோடு இடது பக்கம் திரும்பி, காசி தியேட்டர்ப் பக்கம் இறங்கி, ஜாபர்கான்பேட்டைச் சந்துகளில் நுழைந்து, எம்.ஜி.ஆர். நகர் மார்க்கெட்டைத் தொட்டு, அண்ணா மெயின் ரோடு வழியாக மேலே ஏறியது. காரணம்: முன்னால் நெரிசல்.

"எனக்கு மட்டும் நெரிசல் கிடையாதா?" என்று சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

அவள் போன் சொன்ன வழியிலேயே போனாள். முதல் சந்தில் கணுக்கால் அளவு. இரண்டாவதில் அதற்கும் கொஞ்சம் மேலே. மூன்றாவது சந்து அவள் சிறு வயதிலிருந்து அறிந்த பள்ளம். அதன் வாயில் நின்று தெருவிளக்கின் வெளிச்சத்தில் தண்ணீரைப் பார்த்தாள். முழங்காலுக்குக் குறையாது. இரண்டு அடி தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். போன் ஒரு கணம் யோசித்து வேறு வழி கொடுத்தது.

இருபது நிமிடம் கழித்து ரபீக் அழைத்தான்.

"அக்கா, அடுத்த ஆர்டர் எம்.ஜி.ஆர். நகருக்கு. நீங்கள் போன முதல் சந்து, இரண்டாவது சந்து, இரண்டும் எனக்கு வந்தது. மூன்றாவது வரவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறது. யாரும் சொல்லாமல் அதற்கு எப்படித் தெரிந்தது?"

பூங்கொடி பதில் சொல்லவில்லை. வண்டி நிறுவனத்தின் வாடகை வண்டி. பேட்டரி எவ்வளவு இறங்குகிறது, சக்கரம் எவ்வளவு வேகத்தில் உருளுகிறது எல்லாம் செயலிக்குப் போகும். தண்ணீருக்குள் உருளும் சக்கரம் அதிகக் கரண்ட் இழுக்கும் என்பது பேட்டரி மாற்றும் நிலையத்துப் பையன்கள்கூடச் சொல்லும் விஷயம். அவளுக்கு இப்போது புரிந்தது, தெரு எவ்வளவு ஆழம் என்று அவள்தான் மழை தோறும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பார்கள். அடுத்தவள் காலை விட்டுப் பார்க்கலாம் என்பது அந்தப் பழமொழியில் இல்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது டிக் அடித்த பக்கங்களை அன்று இரவு தேடிப் படித்தாள். நாற்பத்தோராவது பத்தியில் இருந்தது: உங்கள் பயணங்கள் சேவையையும் கூட்டாளிகளின் சேவைகளையும் மேம்படுத்தப் பயன்படலாம். அவ்வளவுதான். ஏன் அவளை மட்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் செயலியில் அவளுடைய விவரப் பக்கத்திலேயே விடை இருந்தது. பதினான்கு மாதம், ரத்து செய்த ஆர்டர்கள்: 0. எந்தச் சந்தில் விட்டாலும் கரையேறிவிடுகிறவள். அந்தச் சந்துகளில்தானே பிறந்து வளர்ந்தாள்.

2015 டிசம்பரில் அவளுக்குப் பதினொரு வயது. செம்பரம்பாக்கம் ஏரி திறந்துவிடப்பட்டு அடையாறு ஏறி வந்த இரவு, ஜாபர்கான்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற கோடு சுவரில் பதிந்தது. அதற்குப் பிறகு நான்கு முறை சுண்ணாம்பு அடித்தாயிற்று. உற்றுப் பார்த்தால் இன்னும் தெரியும். அன்றிலிருந்து அம்மாவுக்கு மழைக்காலத்தில் ஏரியின் மட்டம் தெரியாமல் தூக்கம் வராது. 24 அடி முழுக் கொள்ளளவு. 22 வந்துவிட்டால் அரிசி மூட்டை பரண் ஏறிவிடும்.

"கூட்டாளிகள் என்றால் யார்?" என்று அம்மா கேட்டாள்.

"கார்க்காரர்களுக்கு வழி காட்டும் செயலிகளாக இருக்கும்."

அம்மா அரிசி களைவதை நிறுத்தினாள்.

இரண்டு மழைக்காலமாக அம்மா ஒரே விஷயத்தைத்தான் புலம்பிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் மழையில் இந்தத் தெருவுக்குள் கார் வராது. இப்போது நூறடி சாலை அடைத்துக்கொண்டால் வரிசையாகத் திரும்பி இதற்குள் வருகின்றன. கணுக்கால் தண்ணீர் தானாக வாசற்படி ஏறாது. ஒரு கார் வேகமாகப் போனால் அலை எழும்பிக் கடைக்குள் வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறது. எதிர்வீட்டுப் பெரியவர் தெருமுனையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுப் பார்த்தார். அதை நகர்த்திவைத்துவிட்டுப் போனார்கள். மாமரக் கிளையைப் போட்டார். அதன்மேல் ஏறிப் போனார்கள்.

"நீ வேலைக்குப் போக ஆரம்பித்த மழையிலிருந்துதான்," என்றாள் அம்மா. குற்றமாகச் சொல்லவில்லை. கணக்காகத்தான் சொன்னாள்.

அது உண்மைதான். மழை நாளில் வேலைக்கு நடுவே ஒரு தடவையாவது பூங்கொடி வீட்டுப் பக்கம் வருவாள். காலுறை மாற்ற, ஒரு வாய் காபி குடிக்க. செயலியை அணைக்க மாட்டாள், அணைத்தால் வரிசையில் பின்னுக்குப் போய்விடுவாள். தெரு முழுக்க வண்டியை ஓட்டிக்கொண்டே வருவாள். போகலாம், போகலாம் என்று அவளுடைய சக்கரம் சொல்லியிருக்கும். அதற்குப் பின்னால் கார்கள்.

அவள் வெகு நேரம் அந்தச் சுவர்க் கோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை ஏரி 21 அடியைத் தாண்டியது. மதியத்திலிருந்தே கொட்டிக்கொண்டிருந்தது. இரவு ஏழரைக்கு அவள் பையில் ஒரு மசால் தோசையும் ஒரு பொங்கலும் இருந்தன, எம்.ஜி.ஆர். நகருக்கு. போன் வழக்கம்போல் நெரிசல் என்று சொல்லி அவளை அவளுடைய தெருவுக்கே அனுப்பியது.

தெருமுனையில் நிறுத்தினாள். தண்ணீர் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. தாராளமாகப் போகலாம். நூறடி சாலையில் ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. முதல் கார் இன்னும் பத்து நிமிடத்தில் இதற்குள் திரும்பும்.

வண்டியை விட்டு இறங்கி, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள். பத்து அடி. நின்றாள். திரும்பினாள். மறுபடி உள்ளே, இந்த முறை ஐந்து அடி. நின்று, பின்வாங்கினாள். அன்று மூன்றாவது சந்தின் வாயில் உண்மையாகச் செய்ததைத்தான் இப்போது நிதானமாக, ஒவ்வொரு அடியாகச் செய்தாள். நான்காவது முறை மோட்டாரை அணைத்துவிட்டு மழையில் நின்றாள்.

"நகரவில்லையே. உதவி தேவையா?" என்று போன் கேட்டது. வண்டிப் பழுது, சாலையில் தண்ணீர், ஓய்வு என்று மூன்று பொத்தான்கள். தண்ணீர் என்று அழுத்தினால் புகைப்படம் கேட்கும். அவள் எதையும் அழுத்தவில்லை. செயலிக்கு அவளுடைய சக்கரத்தின்மேல் இருக்கும் நம்பிக்கை அவளுடைய சொல்லின்மேல் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளைக் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் மூக்கை நீட்டியது. நின்றது. உள்ளே திரையின் வெளிச்சத்தில் ஒரு முகம் குனிந்து எதையோ பார்த்தது. பிறகு கார் பின்வாங்கி நூறடி சாலையிலேயே போய்விட்டது. அதற்குப் பின்னால் வந்தவை திரும்பவே இல்லை.

7:58க்கு ஆர்டர் ரத்தானது. பதினான்கு மாதத்தில் முதல் தடவை. ஒரு நட்சத்திரம் கண்ணெதிரே அணைந்தது. தோசைக்கும் பொங்கலுக்கும் பிடிக்கப்போகும் 310 ரூபாய் சிவப்பில் வந்தது. எம்.ஜி.ஆர். நகரில் யாரோ ஒருவர் பசியோடு இருப்பார் என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

ரபீக் அழைத்தான்.

"அக்கா, உங்கள் தெருப் பக்கமே விட மாட்டேன் என்கிறது. இடுப்பளவு தண்ணீர் என்று காட்டுகிறது. அம்மா பத்திரமா? நான் வரட்டுமா?"

"கணுக்கால்தான் ரபீக்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் சிரிக்க ஆரம்பித்தான். "நாளைக்கு எங்கள் தெருவுக்கு ஒரு நடை வாருங்கள் அக்கா," என்றான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் இரண்டாவது படியில் சலனமில்லாமல் நின்றிருந்தது. கடைக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா துண்டை நீட்டிவிட்டுப் பையைத் திறந்து பார்த்தாள்.

"யாருடைய தோசை?"

"நம்முடையதுதான். 310 ரூபாய்."

அம்மா பொட்டலத்தைப் பிரித்து, சட்னியை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"பொட்டுக்கடலை அதிகம்," என்றாள்.